ஆலையில் கரண்ட் அடித்தால் அதை எழுதிவைப்பது எப்படி: பூட்டிய பேனலில் எனக்கு நடந்ததை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பேனலில் வேலை செய்யும்போது கரண்ட் அடித்தவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "மெயினை ஓஃப் பண்ணிட்டுத்தான் கை வச்சன், எப்படி அடிச்சதெண்டு தெரியல." அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்து அடுத்த ஆளைக் காப்பாற்ற முடியாது. எந்த மெயின், எங்கே இருந்தது, பூட்டியா இருந்தது, எந்தக் கருவியால், எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் சோதித்தார், எந்தப் புள்ளியைச் சோதிக்கவில்லை, எந்த விரல் எதில் பட்டது, அந்த நேரம் மற்றக் கை எங்கே இருந்தது? இவை எழுத்தில் இருந்தால்தான் மின்சாரம் எந்த வழியால் வந்தது என்பதைக் கண்டுபிடிக்கலாம்.

இருபது வருடமாக கல்முனைப் பக்கம் மோட்டர் பேனல் வேலை செய்கிறேன். சம்மாந்துறைப் பக்கத்தில் ஒரு நெல் ஆலையில், அரிசி தீட்டுகிற பொலிஷரின் பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போட்டு, மீற்றரால் சோதித்த பிறகும் எனக்குக் கரண்ட் அடித்தது. அன்று எழுதிவைத்த குறிப்புத்தான் இந்த வழிகாட்டிக்கு அடிப்படை.

முதலில் உடம்பு

கரண்ட் அடித்த ஆள் எழும்பி நின்று, "ஒண்டுமில்ல" என்று சொன்னாலும் வேலையை அத்தோடு நிறுத்த வேண்டும். கையிலிருந்து கைக்கு, அல்லது கையிலிருந்து காலுக்கு மின்சாரம் போயிருந்தால் அது நெஞ்சைக் கடந்திருக்கிறது. ஆள் மயங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, நோவெடுத்தாலோ, கையை எடுக்க முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தாலோ, தோல் கருகியிருந்தாலோ, கீழே விழுந்து அடிபட்டிருந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நெஞ்சு வழியாகப் போயிருந்தால் மேலே சொன்ன எதுவும் இல்லாவிட்டாலும் போய் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்வது நல்லது. நானும் எடுத்தேன்.

விபத்தை முதல் தடவை விவரிக்க வேண்டிய இடமும் அந்த ஆஸ்பத்திரிதான். "கரண்ட் அடிச்சது" என்று மட்டும் சொன்னால் டொக்டருக்கு அது போதாது. நான் சொன்னது இது: "230 வோல்ட், ஆலைக் கரண்ட், ஹைடென்ஷன் இல்லை. வலது கைப் பெருவிரலால் உள்ளே வந்து இடது மணிக்கட்டால் வெளியே போயிருக்கு. ஒரு விநாடி இருக்கும். மயங்கவில்லை. பின்பக்கமாகச் சாய்ந்தேன், தலை அடிபடவில்லை. கை வியர்த்திருந்தது." இதைக் கேட்டதும் அவர் முதலில் என் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்து, உள்ளே போன இடத்தையும் வெளியே வந்த இடத்தையும் தேடினார். வலது பெருவிரலில் அரிசியளவு வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. இடது மணிக்கட்டில் சிவந்த கோடு. அதுவரை நானே அந்தக் கோட்டைக் கவனிக்கவில்லை. பிறகு நடந்ததைத் தேடியபோது அது பெரிய சாட்சியாக இருந்தது. காயத்தைப் படம் எடுத்து வையுங்கள். இரண்டு நாளில் ஆறிவிடும்.

பேனலை யாரும் தொட முன்னர்

விபத்து நடந்தவுடன் முதலாளிக்கும் கூட நிற்பவர்களுக்கும் வருகிற முதல் எண்ணம் எல்லாவற்றையும் இறக்குவது, அல்லது அந்த வயரைக் கழற்றி ஒதுக்குவது. இறக்குவது சரி, இன்னொருவர் தொடுகிற நிலை இருந்தால் இறக்கத்தான் வேண்டும். ஆனால் இறக்குவதற்கு முன்னர் பத்து விநாடி போதும், போனில் ஒரு வீடியோ எடுத்துவிடலாம்.

ஆலையில் எனக்கு உதவிக்கு நின்ற தம்பியிடம் நான் நிலத்தில் உட்கார்ந்தபடியே சொன்னேன்: "ஒண்டிலயும் கை வைக்காத. மெயின் போர்ட்டை இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் வீடியோ எடு. ஹேண்டில் எல்லாம் தெரியோணும்." அவன் எடுத்தான். அதற்குப் பிறகுதான் ஆலைப் பொறுப்பாளர் நானா எல்லாவற்றையும் இறக்கினார். அந்த வீடியோவில் பொலிஷர் பிரேக்கர் கீழே இறங்கி என் பூட்டோடு இருப்பது தெரிகிறது. இரண்டு பிரேக்கர் தள்ளி, அரிசி ஏற்றுகிற எலிவேட்டரின் பிரேக்கர் மேலே நிற்பதும் தெரிகிறது. வீடியோ இல்லாமல் எல்லாவற்றையும் இறக்கியிருந்தால், எலிவேட்டர் அப்போது ஓனில் இருந்ததா இல்லையா என்று நாள் முழுக்க வாக்குவாதம் நடந்திருக்கும். ஆலை ஓடவில்லை, எலிவேட்டரும் ஓடவில்லை. சத்தமே இல்லாததால் அங்கு நின்ற எல்லோரும் அதுவும் ஓஃப் என்றே நினைத்திருந்தார்கள்.

பேனலின் உள்ளேயும் இரண்டு படம் வேண்டும். ஒன்று தூரத்திலிருந்து முழுப் பேனலும், மற்றது தொட்ட இடத்துக்குக் கிட்ட. கிட்டப் படம் எடுக்கிறோம் என்று போனைப் பேனலுக்குள் நீட்டக் கூடாது. வெளியே நின்று ஸூம் பண்ணி எடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த இடம் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

செய்ததை எழுதுங்கள், செய்திருக்க வேண்டியதை அல்ல

முக்கியமான பகுதி இதுதான். அன்றைக்கே, நித்திரைக்குப் போக முன்னர் எழுதிவிட வேண்டும். அடுத்த நாள் எழுதினால், மற்றவர்கள் சொன்னதும் நாம் நினைத்ததும் நம் ஞாபகத்தோடு கலந்துவிடும்.

எழுதும்போது கை தானாகவே ஒழுங்குமுறையை எழுதப் பார்க்கும். "மின்விநியோகம் துண்டிக்கப்பட்டு, உறுதிப்படுத்தப்பட்ட பின்னர்" என்று வசனம் வரும். அதை வெட்டுங்கள். துண்டித்தது யார், எதை, உறுதிப்படுத்தியது எதனால், எங்கே என்று கேட்டுப் பாருங்கள். விடை இருந்தால் அதை எழுதுங்கள். விடை இல்லையென்றால் "சோதிக்கவில்லை" என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் எழுதினேன். விபத்துக்கான விடையும் அந்த வரியில்தான் இருந்தது.

நான் பார்த்தது, உணர்ந்தது, பிறகு தெரியவந்தது, ஊகித்தது ஆகிய நான்கையும் கலக்காமல் எழுதுவதும் அதே அளவு முக்கியம். உதாரணமாக, ஒரு விநாடி என்பது என் உணர்வு. அடிபட்டவனுக்கு நேரம் நீளமாகத்தான் தெரியும். தம்பியோ, "கத்தின சத்தத்துக்குத் திரும்பினன், அதுக்குள்ள நீங்க பின்னால சாஞ்சிட்டீங்க" என்றான். இரண்டையும் அவரவர் பெயரில் தனித்தனியாக எழுதினேன்.

நான் எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன்:

"மார்ச் மாதம், சனிக்கிழமை, பின்னேரம் 2 மணியளவில். வேலை: பொலிஷர் மோட்டர், 30 எச்.பி., ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் மெயின் கொன்டாக்டரின் கொயில் எரிந்ததால் கொன்டாக்டரை மாற்றுவது.

மெயின் போர்ட்டில் 'பொலிஷர்' என்று எழுதிய பிரேக்கரை நானே இறக்கினேன். என் பூட்டைப் போட்டேன், சாவி என் சட்டைப் பையில். 'வேலை நடக்கிறது' மட்டையைத் தொங்கவிட்டேன். பொலிஷர் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கொயில் எரிந்திருந்ததால், இதை நான் சோதனையாகக் கணக்கெடுக்கவில்லை.

மல்டிமீற்றரைப் பக்கத்துச் சொக்கெட்டில் சோதித்தேன், வேலை செய்தது. கொன்டாக்டரின் மேல்பக்க மூன்று டெர்மினல்களிலும் ஆறு அளவெடுத்தேன்: மூன்று பேஸும் ஒன்றுக்கொன்று, பிறகு ஒவ்வொரு பேஸும் பேனல் எர்த்துக்கு. ஆறும் 0. மீற்றரை மறுபடி சொக்கெட்டில் சோதிக்கவில்லை. பக்கத் துணைக் கொன்டாக்ட் டெர்மினல்களைச் சோதிக்கவில்லை.

மெயின் வயர்கள் ஆறையும் கழற்றினேன். பிறகு பக்கக் கொன்டாக்ட்டின் 13 ஆம் டெர்மினலில் திருகியை வைத்தேன். திருகியின் கைப்பிடி இன்சுலேஷன் உள்ளது, கம்பியில் இன்சுலேஷன் இல்லை. வலது பெருவிரல் வழுகி இரும்புக் கம்பியில் பட்டது. அந்த நேரம் இடது மணிக்கட்டு பேனல் கதவின் ஓரத்தில் இருந்தது. இரண்டு கையும் வியர்த்திருந்தன. கையுறை இல்லை. ரப்பர் அடி செருப்பு.

உணர்ந்தது: வலது கை முழுக்கச் சுருண்டு, நெஞ்சு இறுகியது. கத்தினேன். பின்னால் நெல் மூட்டையில் சாய்ந்தேன். எந்தப் பிரேக்கரும் விழவில்லை, ஃபியூஸும் போகவில்லை (வீடியோவில் பார்த்தது).

ஊகம்: 13 இல் வேறு இடத்திலிருந்து கரண்ட் வருகிறது. எங்கிருந்து என்று இப்போது தெரியாது."

செருப்பு எப்படிப்பட்டது என்று எழுதியது சில பேருக்குத் தேவையில்லாததாகத் தெரியலாம். ஆனால் ரப்பர் செருப்புப் போட்டிருந்தும் அடித்ததென்றால், மின்சாரம் காலால் போகவில்லை, மற்றக் கையால் போயிருக்கிறது. மணிக்கட்டில் இருந்த சிவந்த கோடும் அதையே சொன்னது. ரப்பர் செருப்புப் போட்டால் பயமில்லை என்று நம்புகிறவர்கள் நம்ம பக்கம் நிறையப் பேர். எர்த் பண்ணிய இரும்புக் கதவில் ஒரு கை இருந்தால் அந்தச் செருப்பால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

பிரேக்கர் ஏன் விழவில்லை

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள், அதனால் குறிப்பிலேயே பதில் இருப்பது நல்லது. கட்டுப்பாட்டு வயரில் 6 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. வியர்த்த கைக்கும் கைக்கும் இடையில் உடம்பின் தடையை 1500 ஓம் என்று எடுத்தால், 230 ஐ 1500 ஆல் வகுக்க ஏறத்தாழ 0.15 ஆம்பியர் வரும். 6 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது ஒன்றுமேயில்லை. உடம்புக்கோ 10 மில்லிஆம்பியர் அளவிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 150 மில்லிஆம்பியர் ஒரு விநாடிக்கு மேல் நெஞ்சு வழியாகப் போனால் இதயத் துடிப்புக் குழம்பி ஆள் சாகலாம். என் கை வழுகிப் பட்டதால் தானாகவே எகிறி விலகிவிட்டது. கம்பியைச் சுற்றிப் பிடித்திருந்தால் விலகியிருக்காது. வீட்டில் இருக்கிற 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் போல ஒன்று அந்த வயருக்கு இல்லை. ஆலை மோட்டர் பேனல்களில் அதை நான் அதிகம் கண்டதுமில்லை.

கரண்ட் எங்கிருந்து வந்தது என்று தேடுவது

இதை அன்றைக்கே செய்யக் கூடாது. உடம்பு தேறிய பிறகு, இரண்டு பேராக, நிதானமாகச் செய்ய வேண்டும். இது உயிருள்ள பேனலில் அளவெடுக்கிற வேலை. இன்சுலேஷன் கையுறை வேண்டும், நுனி மட்டும் வெளியே தெரிகிற நல்ல புரோப் வேண்டும். ஒரு வயரையும் கழற்றவோ இழுக்கவோ கூடாது. அளப்பது மட்டும்தான்.

நாங்கள் திங்கட்கிழமை போனோம். பொலிஷர் பிரேக்கர் இன்னும் பூட்டோடு இருந்தது. எலிவேட்டர் பிரேக்கரை, வீடியோவில் இருந்த மாதிரி, மேலே போட்டோம். மீற்றரைச் சொக்கெட்டில் பார்த்துவிட்டு 13 ஆம் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் வைத்தேன்: 231 வோல்ட். நானாவைக் கூப்பிட்டு எலிவேட்டர் பிரேக்கரை இறக்கச் சொன்னேன். மீற்றர் 0 க்கு விழுந்தது. மறுபடி போடச் சொன்னேன், 231. மறுபடி இறக்கம், 0. இரண்டு தடவை செய்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தடவை தற்செயலாக இருக்கலாம் என்று யாரும் சொல்லக் கூடாது.

அப்புறம் வயரைக் கண்ணால் பின்தொடர்ந்தோம். பொலிஷர் நின்றால் அதற்கு அரிசி ஏற்றுகிற எலிவேட்டரும் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அரிசி மேலே நிரம்பி வழியும். அதற்காக யாரோ முன்னர் எலிவேட்டர் பேனலின் கட்டுப்பாட்டு பேஸை, ஃபியூஸைக் கடந்தவுடன், இங்கே கொண்டுவந்து பொலிஷர் கொன்டாக்டரின் 13 க்கும் 14 க்கும் இடையில் போட்டு, திரும்ப எலிவேட்டரின் ஸ்டொப் பட்டனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். யோசனை பிழையில்லை, பல ஆலைகளில் இப்படித்தான் செய்கிறார்கள். பொலிஷர் நிற்கும்போது 13 க்கும் 14 க்கும் இடையில் தொடர்பு அறுந்திருக்கும், எலிவேட்டர் அசையாது. ஆனால் 13 இல் பேஸ் வந்து காத்துக்கொண்டே நிற்கும். பொலிஷர் பிரேக்கரை எத்தனை பூட்டுப் போட்டுப் பூட்டினாலும் அது அங்கே நிற்கும். வயரின் நிறமும் சிவப்பு, அந்தப் பேனலின் சொந்த வயர்களைப் போலவே. பார்த்து வித்தியாசம் பிடிக்க வழியே இல்லை.

14 இல் வைத்தபோது மீற்றர் 38 வோல்ட் காட்டியது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அலட்சியமும் கூடாது. பக்கத்தில் ஓடுகிற உயிருள்ள வயரால், ஒன்றுமில்லாமல் தொங்குகிற வயரிலும் டிஜிட்டல் மீற்றர் இப்படிக் காட்டும். மீற்றரில், குறைந்த உள்தடையோடு வோல்ட் அளக்கிற LoZ நிலை இருந்தால் அதில் வைத்துப் பாருங்கள், ஓம் அளக்கிற நிலையில் அல்ல. எனக்கு 0 க்கு விழுந்தது. விழாமல் நின்றால் அது உண்மையான கரண்ட். குறிப்பில் இரண்டு அளவையும் எழுத வேண்டும். 38 ஐ மட்டும் எழுதினால் வாசிக்கிறவர் குழம்புவார், 0 ஐ மட்டும் எழுதினால் நாம் பார்த்த ஒன்றை மறைத்ததாகிவிடும்.

உங்கள் விபத்தில் வழி வேறாக இருக்கலாம். ஜெனரேட்டரின் மாற்றுச் சுவிட்ச், பவர் பெக்டர் கெப்பாசிட்டரில் தங்கிய மின்னூட்டம், தண்ணீர் டாங்கின் ஃபுளோட் சுவிட்ச் வயர், வேறு சர்க்கிட்டோடு பகிர்ந்த நியூட்ரல் என்று பல வழி உண்டு. தேடுகிற முறை ஒன்றுதான். அடித்த புள்ளியில் மீற்றரை வைத்துக்கொண்டு, சந்தேகப்படுகிற பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கி, எதில் விழுகிறது என்று பார்ப்பது. கெப்பாசிட்டரில் தங்கியது மட்டும் இந்த முறையில் பிடிபடாது. அதை டீசி அளவில் பார்க்க வேண்டும், நேரம் போகப்போகக் குறையும்.

குறிப்பின் கடைசிப் பகுதி: இனி எப்படிப் பிரிப்பது

தேடி முடிந்ததும், முதல் நாள் எழுதியதைத் திருத்தாமல், கீழே திகதி போட்டு இரண்டாம் பகுதியைச் சேர்த்தேன். ஊகம் என்று எழுதியதை அழித்துவிட்டு விடையை எழுதினால், அடிபட்ட நேரம் எனக்கு என்ன தெரிந்திருந்தது என்பதே போய்விடும். வேலையில் காயம்பட்ட ஒருவருக்கு 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் விசாரணை வந்தால், அன்றைக்கே எழுதிய, திருத்தாத பகுதிக்குத்தான் மதிப்பு. படங்களையும் அதோடு வையுங்கள்.

இரண்டாம் பகுதியில் அந்தப் பேனலுக்கு மட்டும் உரிய வேலைமுறையை எழுதினேன். பொலிஷர் பேனலில் கை வைக்க முன்னர் பொலிஷர், எலிவேட்டர் இரண்டு பிரேக்கரையும் இறக்கி இரண்டிலும் தனித்தனிப் பூட்டு. ஜெனரேட்டர் சுவிட்ச் நடுவில். மீற்றரைச் சொக்கெட்டில் சோதித்தல். பிறகு மூன்று பேஸ் மட்டுமல்ல, கொன்டாக்டரில் இருக்கிற ஒவ்வொரு டெர்மினலும், கொயில் இரண்டும், பக்கக் கொன்டாக்ட் எல்லாமும், டெர்மினல் வரிசையில் வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு வயரும், எர்த்துக்கு அளத்தல். முடிந்ததும் மீற்றரை மறுபடி சொக்கெட்டில் சோதித்தல். நடுவில் மீற்றரின் பற்றரியோ லீட் வயரோ போயிருந்தால் எல்லா 0 வும் பொய்யாகிவிடும். எனக்கு இதெல்லாம் செய்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் எடுத்தது.

பேனலிலும் மாற்றம் செய்தோம். மெயின் சுவிட்சை இறக்கினாலும் உயிரோடு நிற்கிற வயர்களுக்கு ஆரஞ்சு நிறம் என்பது இயந்திர மின்பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.ஈ.சி. 60204-1 சொல்கிற முறை. புது வயர் இழுக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு வயரின் இரண்டு முனையிலும் ஆரஞ்சு உறையைப் போட்டு, 13 ஆம் டெர்மினலின் மேல் பிளாஸ்டிக் மூடி வைத்தோம். இந்தத் தொடர்பை 24 வோல்ட்டுக்கு மாற்றுவதுதான் இன்னும் நல்லது, அடுத்த போகத்துக்கு முன்னர் செய்வதாக முதலாளி ஒத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாகக் கதவின் உள்பக்கத்தில் ஒரு மட்டை ஒட்ட வேண்டியிருந்தது. நான் முதலில் "கவனம், வெளிமின்சாரம் உண்டு" என்று எழுதினேன். நானா வாசித்துவிட்டு, "தம்பி, இதை வாசிச்சா நான் எந்தப் பிரேக்கரை இறக்கிறதெண்டு எனக்கு விளங்கல" என்றார். கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்: "ஆரஞ்சு வயரில் எலிவேட்டர் பிரேக்கரிலிருந்து 230 வோல்ட் வருகிறது. பொலிஷரை இறக்கினாலும் இது போகாது. மெயின் போர்ட்டில் இடமிருந்து ஐந்தாவது பிரேக்கரையும் இறக்கிப் பூட்டவும்." அதை வாசித்த நானா மெயின் போர்ட்டுக்குப் போய், இடமிருந்து எண்ணி, ஐந்தாவதில் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அது எலிவேட்டர்தான். மட்டையை ஒட்டினேன்.